மூட்டுவலியைப் பற்றி ஒன்றும் எழுதாத எண்ணெய்

என் முகம் கைப்பேசியில் வந்தது ஒரே ஒரு முறைதான். வந்த அன்று நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள், நான் நன்றாகச் சிரித்திருப்பதாகச் சொன்னார்கள். அது சிரிப்பில்லை, கூச்சம். யாராவது என்னை நேராகப் பார்த்து ஏதாவது கேட்டால் எனக்கு வாய் தானாக அப்படிப் போய்விடும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கல்யாணமாகிக் காங்கேயம் பக்கம் போனதிலிருந்து தேங்காய்க் களத்தில் வேலை. தேங்காயை உடைப்பது, வெயிலில் பரப்புவது, பருப்பைக் கொட்டாங்குச்சித் தொட்டியிலிருந்து நெம்பி எடுத்து மறுபடி காயவைப்பது. வீட்டுக்காரர் போன பிறகு சரவணம்பட்டியில் இருக்கும் மகளிடம் வந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் நடக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெண்கள் ஆறு பேர். சத்துமாவு, முருங்கையிலைப் பொடி, உடம்புக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய். மாவும் பொடியும் அங்கேயே வறுத்து அரைப்போம். எண்ணெய் காங்கேயம் பக்கத்தில் லைசென்ஸ் வாங்கிய ஒரு இடத்தில் பாட்டிலில் அடைத்து வரும். நாங்கள் பெட்டியில் போட்டு அனுப்புவோம். எல்லாமே ஆன்லைன் வியாபாரம், வாங்குகிறவர்களுக்கென்று போனில் ஒரு குரூப்பும் உண்டு. முதலாளி முன்னே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர், என் மகளைவிடச் சின்னவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அம்மா என்பார்.

வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் மடிக்கணினியோடு வருவாள். சத்தியமங்கலத்துக்காரி. கைப்பேசியில் பொருளின் படத்துக்குக் கீழே நாலு வரி வருமே, கேப்ஷன் என்று சொல்கிறார்களே, அதை எழுதுவதுதான் அவளுக்கு வேலை. முதல் நாள் அவள் எழுதியதை எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொல்லி, ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குத் தாள் போய், கடைசியில் என்னிடம் வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மூன்றாவது வரியில் தட்டுத் தடுமாறி நின்றுவிட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் தாளை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டாள்.

"பெரீம்மா நிக்கற எடத்துல வாங்கறவங்களும் நிப்பாங்க. இனி நீங்களே படிச்சுச் சொல்லுங்க," என்றாள்.

அன்றிலிருந்து எல்லாக் கேப்ஷனும் என் வாய் வழியாகத்தான் போனது. மாவு சலித்துக்கொண்டே கேட்பேன், படிப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், தாளைத்தான் பார்ப்பார்கள்.

அவள் எழுதாத சொற்கள் சில உண்டு. குணமாக்கும், போக்கும், தடுக்கும், கட்டுப்படுத்தும், விரட்டும். தம்பி இப்படி ஏதாவது எழுதிக் கொடுத்தால் பேனாவால் அடித்து, பக்கத்தில் "எங்கே ஆதாரம்?" என்று எழுதுவாள். சத்துமாவுக்கு அவர் முதலில் எழுதியது, "நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும்". அடித்துவிட்டாள்.

"அப்ப என்னதான் எழுதறது? மாவு, வாங்குங்கன்னா?" என்றார் தம்பி.

"மாவ நீங்க எப்பிடிப் பண்றீங்கன்னு எழுதலாங்க. பெரீம்மா, இத எப்பிடிப் பண்றீங்க?"

நான் மெதுவாகச் சொன்னேன். ஒன்பது தானியம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதம், அதனால் தனித்தனியாக வறுக்கிறோம். கம்பு பொரியும், ராகி பொரியாது, வாசம் வந்ததும் இறக்க வேண்டும். ஒன்றாகப் போட்டு வறுத்தால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாகவே நிற்கும். இதைத்தான் அவள் எழுதினாள். "ஒன்பது தானியம், ஒன்பது முறை அடுப்பு" என்று முதல் வரி. எனக்கே ஒரு கிண்ணம் கலக்கிக் குடிக்கத் தோன்றியது.

மற்றொரு நாள் எனக்கே ஆசை வந்து, "காத்தால குடிச்சா மத்தியானம் வரைக்கும் பசிக்காதுன்னு போடு கண்ணு," என்றேன்.

"யாருக்குப் பசிக்காது?"

"எனக்குத்தான்."

"உங்குளுக்குப் பசிக்காது. வாங்கற எல்லாத்துக்கும் பசிக்காதுன்னு யாரு பாத்துச் சொன்னாங்க? அதும் ஒரு வாக்குறுதிதானுங்களே."

நான் மாவைச் சலித்தேன். பசியைக்கூடச் சொல்ல முடியாத வேலை என்ன வேலை என்று அப்போது நினைத்தேன்.

சத்தியமங்கலத்தில் அவள் ஊர் நோம்பி, கோயில் திருவிழா, வந்தது. பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பத்து நாளுக்குள்தான் புது எண்ணெயை ஆன்லைனில் போட வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கீழே படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகிய பாட்டில் ஒன்றைத் தனியாக வைத்து, என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தம்பி மேலேயிருந்து இறங்கி வந்தார். கைப்பேசியை நீட்டிக்கொண்டே வந்தார்.

"நம்ம எண்ணெயாம்மா?"

"ஆமாங்."

"மூட்டு வலிக்குத் தேய்க்கறீங்களா?"

"ஆமாங்."

"இப்ப வலி போயிருச்சுங்களா?"

"ஆமாங்."

மூன்றாவது ஆமாங்கைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எங்கள் பக்கத்தில் களத்து வேலைக்குப் போனவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. வேலை கொடுக்கிறவர் எதிரில் நின்று ஒன்று கேட்டால் முதலில் ஆமாங்க என்போம். யோசிப்பது அப்புறம்தான். மழை வருமா என்றால் ஆமாங்க. வராதா என்றால் அதற்கும் ஆமாங்க. மறுத்துச் சொன்னால் மரியாதைக் குறைவு. அவர் கேட்டது என்னவென்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. என் மூட்டு வலி போகவில்லை. மாசா மாசம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வலி கொஞ்சம் குறைந்திருந்ததும் அதனால்தான். எண்ணெய் தேய்ப்பது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சரி, இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்துக் காங்கேயத்திலிருந்து அக்கா பேசினாள். என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்கு இருப்பது என்னைப் போலத் தேய்ந்த மூட்டு இல்லை. கைவிரல், மணிக்கட்டு, முட்டி எல்லாம் வீங்கும் வாதம். டாக்டர் வாரம் ஒரு நாள் போடும் மாத்திரை கொடுத்து, விடாமல் சாப்பிடச் சொல்லியிருந்தார். நிறுத்தினால் விரல் கோணிப்போகும் என்று என் முன்னால்தான் சொன்னார்.

"ஏம்புள்ள, உன்னையப் போனுல பாத்தேன். மருமக காட்டினா. சினிமாக்காரியாட்ட இருக்கறே," என்று சிரித்தாள்.

"என்னத்தக்கா பாத்தே?"

"அதான், எண்ணெய் போட்டு மூட்டுவலி போயிருச்சுன்னு சொல்றியே. உங்க கம்பெனி குரூப்புல வந்துச்சாம். எனக்கு ரெண்டு பாட்டில் குடுத்து உடு. நான் மாத்திரைய நிறுத்திப்போட்டேன். அத முழுங்கினா அன்னிக்கெல்லாம் வாய்க்கு ஒண்ணும் ஒப்ப மாட்டேங்குது."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, எனக்கு வலி போகுலக்கா. நானும் மாத்திரைதான் திங்கறேன்."

"அப்பறம் எதுக்குப் போச்சுன்னு சொன்னே?"

"அவரு கேட்டாரு, நான் ஆமாங்கன்னுட்டேன்."

"நீ சின்னதுலருந்தே இப்பிடித்தான். ஒரு பாட்டில் கேட்டாக் குடுக்க மனசு வராது," என்றாள். "படிச்ச பையன் கீழ எழுதியே போட்டிருக்குறாரு. எழுவது வயசுல மூட்டுவலிக்கு விடைன்னு. மருமக படிச்சா. அவரு எழுதுனது பொய்யி, நீ சொல்றது மட்டும் நெசமாக்கும்?"

போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். எழுத்தில் இருப்பதைத்தான் நம்புகிறாள், அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவள் அப்படித்தான் நம்புவாள். எழுதியவரே மாற்றி எழுதினால்தான் ஆகும். அதற்கு நான் தம்பியிடம் போய்ப் பேச வேண்டும்.

மறுநாள் காலையில் போனேன். நல்ல வேளை, அந்தப் பெண்ணும் நோம்பி முடிந்து வந்திருந்தாள். தம்பியின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சரியில்லை.

"இது அழகு சாமான்னு லைசென்ஸ் வாங்குன எண்ணெயிங்க. மேலுக்குத் தேய்க்கறதுக்கு. மருந்துக்கு லைசென்ஸ் வேற. இதுக்கு மூட்டுவலி போகும்னு நாம சொல்லவே கூடாது," என்றாள்.

"நான் எங்க சொன்னேன்? அம்மாதான் சொல்றாங்க. அவங்க அனுபவம். கீழ சின்னதா, ஆளுக்கு ஆள் மாறும்னு கூடப் போட்டிருக்கறேன்," என்றார் தம்பி.

"கேட்டது நீங்க, புடிச்சது நீங்க, நம்ம பேஜ்ல போட்டதும் நீங்க. அவங்க வாயில வந்தாலும் அது நம்ம விளம்பரந்தானுங்க. மேல போகும்னு பெருசா எழுதிப்போட்டு, கீழ மாறும்னு பொடியா எழுதினாச் சரியாயிருமா? அந்த ஹேஷ்டேக்கு வேற, மூட்டுவலின்னு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதவு ஓரத்தில் நின்றிருந்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

"என்னங்கம்மா?" என்றார் தம்பி. "இந்த எண்ணெய்க்கு உங்குளுக்கு வலி போயிருச்சுங்கள்ல?"

பழக்கத்தில் ஆமாங்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"இல்லீங்," என்றேன்.

அப்புறம் அக்கா மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். விரல் கோணிப்போகும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். என் இடுப்புப் பையிலிருந்து என் மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன். பாதி காலியான அட்டை.

தம்பி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசர்தான். "எனக்குத் தெரியாதுங்கம்மா," என்றார். வீடியோவைக் கம்பெனி பேஜிலிருந்து அப்போதே எடுத்துவிட்டார். குரூப்பில் அனுப்பியது நாலைந்து நாள் ஆகிவிட்டதால் எல்லார் போனிலிருந்தும் எடுக்க முடியாதாம். அந்தப் பெண், அதே குரூப்பில் திருத்தி ஒரு செய்தி போட வேண்டும் என்றாள்.

"நாமளே தப்புன்னு எழுதுனா பேரு கெட்டுப்போயிருமே."

"அவங்கக்கா ஒருத்தங்கதான் நிறுத்துனாங்கன்னு உங்குளுக்கு எப்பிடித் தெரியுமுங்க?"

"எழுதுங்க," என்றார் தம்பி.

அவள் எழுதினாள், நான் படித்தேன். "முன்பு நாங்கள் அனுப்பிய வீடியோவில் எங்கள் எண்ணெயால் மூட்டுவலி போனதாக வந்தது தவறு. அதில் இருக்கும் அம்மா தன் வலிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறார். இது உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெய், மருந்து அல்ல. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்தியிருந்தால் உடனே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்." எங்கேயும் நான் தடுமாறவில்லை. அப்படியே போட்டார்கள்.

அது முடிந்தது. ஆனால் எண்ணெயை விற்கத்தானே வேண்டும். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"வலிய எடுத்துப்போட்டா இதுல என்ன இருக்குது சொல்றதுக்கு?" என்றார் தம்பி.

"பெரீம்மா, வலி போகுலீன்னா அப்பறம் எதுக்கு தெனமும் தேய்க்கறீங்க?" என்று அவள் கேட்டாள்.

இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிசம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், கையில் எண்ணெய் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். எண்ணெயைக் கரண்டியில் ஊற்றி லேசாகச் சூடு காட்டினால், களத்தில் பருப்பு நன்றாகக் காய்ந்த அன்றைக்கு ஒரு வாசம் வருமே, அது வரும். அரைகுறையாகக் காய்ந்த பருப்பென்றால் புளித்த வாடை வரும், இதில் அது கிடையாது. இவ்வளவுதான்.

அவள் வேகமாக எழுதிக்கொண்டே வந்தாள். "பிசுபிசுக்காதுன்னு போடலாமா?" என்றார் தம்பி.

"எண்ணெய்ன்னாப் பிசுக்கு இருக்காதுங்களா?" என்றேன். அன்றைக்கு எனக்கே தெரியாமல் வாய் திறந்துகொண்டது. "பழைய துண்டு ஒண்ணு பக்கத்துல வெச்சுக்கோணும்."

"வாசம் ராத்திரி முழுக்க இருக்கும்னு?" என்றார் தம்பி.

அதை அவள் என்னிடம் விடாமல், வேலை செய்யும் மற்றப் பெண்களுக்கும் எண்ணெய் கொடுத்து அன்று தேய்க்கச் சொன்னாள். மறுநாள் விசாரித்தபோது மூன்று பேர், தூங்கப் போகும்போது இருந்தது என்றார்கள். ஒருத்தி இல்லை என்றாள். மற்றொருத்தி, "எனக்குச் சளி புடிச்சிருக்குது, என்னையக் கேக்காதீங்க," என்றாள். அந்த வரி அடிபட்டது. படத்தையும் மாற்றினார்கள். முதலில் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் இருந்தது. எழுத்தில் வலி இல்லாவிட்டாலும் படம் வலியைத்தானே சொல்லும் என்று அதை எடுத்துவிட்டு, கரண்டியும் துண்டும் மட்டும் வைத்து வேறு படம் பிடித்தாள்.

கடைசியில் வந்த கேப்ஷன் எனக்கு மனப்பாடம்.

"காங்கேயம் வெயிலில் கையால் புரட்டிக் காயவைத்த பருப்பு. அதை ஆட்டி எடுத்த எண்ணெய். சாயங்காலம் கால் நீட்டி உட்காருங்கள். ஒரு கரண்டி வெதுவெதுப்பாக்கி மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பழைய துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கையில் எண்ணெய் இருக்கும் வரை உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்."

"எண்ணெய விக்கறமா, துண்ட விக்கறமான்னே தெரியல," என்றார் தம்பி. ஆனால் கடைசி வரியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீட்டுக்காரம்மா அதைப் படித்துவிட்டு, எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள் என்று போன் செய்ததாகப் பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சிங்காநல்லூர் போய்க் காங்கேயம் பஸ் ஏறினேன். பையில் ஒரு பாட்டில் எண்ணெய், என் மாத்திரை அட்டை, அந்தப் பெண் எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த இரண்டு தாள். திருத்திய செய்தி ஒன்றில், புதுக் கேப்ஷன் ஒன்றில்.

அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். விரல் மடங்கவில்லை. கணு எல்லாம் வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதல் தாளைப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் படிப்பைக் கேட்டு அவள் முதலில் சிரித்தாள். பாதியில் சிரிப்பை நிறுத்தினாள்.

"இது அந்தப் பையனே எழுதுனதா?"

"அவரு சொல்லி எழுதுனது. மருமகளப் போனெடுத்துப் பாக்கச் சொல்லு, குரூப்புல வந்திருக்கும்."

மருமகள் எடுத்துப் பார்த்தாள். "ஆமாங்கத்தை, வந்திருக்குது. நான்தான் பாக்காம உட்டுட்டேன்," என்றாள். என் மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டினேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் காலிக் குழிகளை எண்ணிப் பார்க்கத் தெரியும்.

"இத்தன தின்னிருக்கறே," என்றாள்.

விட்ட மாத்திரையைத் தானாக எடுத்துப் போட வேண்டாம், எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொள்ளலாம் என்று மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நாளைக்கே கூட்டி வரச் சொன்னார்கள். அக்கா முணுமுணுத்தாலும் மறுக்கவில்லை. வாய்க்கு ஒப்ப மாட்டேன் என்கிறதே, அதையும் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். அவளும் இதுவரைக்கும் அங்கே எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்றே சொல்லி வந்திருக்கிறாள்.

பிறகு பையிலிருந்து எண்ணெயை எடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது.

"அந்தத் தாளுல என்னமோ எழுதியிருக்குதே, படி," என்றாள்.

இரண்டாவது தாளைப் படித்தேன். வெயில், பருப்பு, கரண்டி, துண்டு. கடைசி வரிக்கு அக்கா மருமகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா மூட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

"இல்லக்கா."

"வலி போகுமா, போகாதா?"

"போகாதுக்கா."

அவள் மூடியைத் திறக்கப் பார்த்தாள். விரல் ஒத்துழைக்கவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். எத்தனையோ வருசம் என் கூடவே அதே களத்தில் வேலை செய்தவள் அவள்.

"நல்லாக் காஞ்ச பருப்பு," என்றாள். "வீங்குன எடத்துல வேண்டாம், கால்ல மட்டும் தேய்ச்சு உடு."

மருமகளிடம் பழைய துண்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.